தலைசுற்றலுக்கு மாத்திரை, மாத்திரையால் தலைசுற்றல்: பெரியவர்கள் விழுவதில் மருந்துகளின் பங்கு

வீட்டில் ஒரு பெரியவர் ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுந்தால் பழி முதலில் தரைக்குப் போகும், அப்புறம் செருப்புக்கு, கடைசியில் வயசுக்கு. டைல்ஸை மாற்றுகிறோம், சுவரில் கைப்பிடி பொருத்துகிறோம். இரண்டும் தேவைதான். ஆனால் கட்டில் பக்கத்தில் இருக்கும் மாத்திரை டப்பாவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விழுவதற்கான காரணங்களில் உடனே மாற்றக்கூடியது பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

மும்பையில் மாதுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. பெரியவர் ஆறு மாதம் மகன் வீட்டில் இருப்பார், ஆறு மாதம் ஊரில் இருப்பார். பிரஷருக்கு ஊரில் ஒரு டாக்டர், இங்கே ஒரு ஃபேமிலி டாக்டர். ப்ராஸ்டேட்டுக்கு ஒருவர், கால் எரிச்சலுக்கு இன்னொருவர். ஒருவர் எழுதியதை மற்றவர் நிறுத்துவதில்லை. மெடிக்கல் கடைக்குத் தீர்ந்துபோன ஸ்ட்ரிப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பத்து நாளைக்கு என்று எழுதிய மாத்திரை இப்படித்தான் இரண்டு வருஷம் ஓடுகிறது.

## எத்தனை மாத்திரை என்றால் அதிகம்?

தினமும் ஐந்து அல்லது அதற்கு மேல் மருந்துகள் சாப்பிடுவதைப் பல்மருந்துப் பயன்பாடு என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். இந்த எண்ணை வைத்துப் பயந்துவிட வேண்டாம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு நான்கைந்து மாத்திரை நியாயமாகவே தேவைப்படும். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, அது இன்னும் தேவையா, பக்கத்து மாத்திரையோடு சேர்ந்து என்ன செய்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

வயதாகும்போது அதே மருந்து வேறு மாதிரி வேலை செய்யும். சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. இது ரத்தப் பரிசோதனையில் சட்டென்று தெரியாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த பெரியவருக்குத் தசையே குறைவு என்பதால், சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் அந்த எண் நார்மலாக நிற்கும். வயதையும் கணக்கில் எடுக்கும் இஜிஎஃப்ஆர் என்ற கணக்கைப் பார்த்தால் உண்மை நிலை ஓரளவு தெரியும். இன்னொன்று, எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் தேங்காமல் ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிடிக்கும் அனிச்சைச் செயல் வயதானால் தாமதமாகிறது. மூளையும் தூக்க மருந்துக்கு அதிகமாக இசைகிறது. நாற்பது வயதில் ஒன்றும் செய்யாத அளவு எண்பதில் ஆளைத் தள்ளாட வைக்கும்.

## விழ வைக்கும் கூட்டணிகள்

பெயர்கள் நிறைய இருந்தாலும் மாத்திரைகள் ஆளை விழ வைக்கும் வழிகள் சிலதான். எழுந்ததும் பிரஷரை இறக்குவது, மூளையை மந்தமாக்குவது, நடையைக் கெடுப்பது. சர்க்கரையை இறக்குவது நான்காவது. ஒரே வழியில் வேலை செய்யும் இரண்டு மூன்று மாத்திரைகள் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போகும்போதுதான் ஆபத்து.

1. பிரஷர் மாத்திரை + ப்ராஸ்டேட் மாத்திரை + நீர் மாத்திரை

டாம்சுலோசின், சிலோடோசின் போன்ற ப்ராஸ்டேட் மருந்துகள் சிறுநீர்ப் பாதையில் உள்ள தசையைத் தளர்த்துகின்றன. ஓரளவுக்கு ரத்தக் குழாயையும் தளர்த்திவிடும். பிரஷருக்கே எழுதப்படும் பிரசோசின் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். இதோடு ஃபியூரோசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் நீரும் குறைகிறது, குழாயும் தளர்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்டி அவசரமாக எழுபவருக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது.

இதைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்துவதால் மட்டும் எழுந்தவுடன் வரும் இறக்கம் கூடிவிடுவதில்லை என்று பெரிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. எந்த வகை மருந்து, எதனோடு சேர்த்து என்பதுதான் விஷயம். நிறுத்தினால் பக்கவாதம் வர வாய்ப்பு கூடும்.

2. தூக்க மாத்திரை + நரம்பு மாத்திரை + மன அழுத்த மாத்திரை

அல்பிரசோலாம், குளோனசெபாம், எட்டிசோலாம், ஸோல்பிடெம் எல்லாம் தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ தரப்படுபவை. கால் எரிச்சலுக்குப் பிரிகாபலின் அல்லது காபாபென்டின். மன அழுத்தத்துக்கு எஸ்சிட்டாலோபிராம் அல்லது அமிட்ரிப்டிலின். மூட்டு வலி தாங்கவில்லை என்றால் டிராமடால். மூளை மீது வேலை செய்யும் இப்படிப்பட்ட மருந்துகள் மூன்றோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் போவதைத் தவிர்க்கச் சொல்கிறது, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-ல் புதுப்பித்த பீர்ஸ் பட்டியல். விழுவதும் எலும்பு முறிவதும் கூடும் என்பதுதான் காரணம்.

இங்கே ஒரு நம்மூர்ப் பொறி இருக்கிறது. பிரிகாபலின் பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு ஒரே மாத்திரையாக வருகிறது, சிலதில் நார்ட்ரிப்டிலினும் சேர்ந்திருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் ‘நரம்புச் சத்து மாத்திரை’. சத்து மாத்திரைதானே என்று யாரும் டாக்டரிடம் சொல்வதும் இல்லை.

3. தலைசுற்றல் மாத்திரை + கேஸ் மாத்திரை

அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான் என்பது என் கணிப்பு. சின்னரிசின், ஃபுளூனரிசின், புரோகுளோர்பெரசின் ஆகிய மூன்றும் தலைசுற்றலுக்கு அடிக்கடி எழுதப்படுகின்றன. ரபெப்ரசோல் அல்லது பான்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூல் வயிற்று உப்புசத்துக்குக் காலையில் வெறும் வயிற்றில் போகிறது. தலைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் எல்லாமே மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. சீரான நடைக்கு டோபமின் தேவை.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இவற்றைச் சாப்பிடும்போது சிலருக்குப் பார்க்கின்சன் நோய் போன்ற நிலை வருகிறது. அடி சின்னதாகும், கால் தேயும், திரும்பும்போது மூன்று நான்கு அடி எடுக்க வேண்டியிருக்கும். முகத்தில் உணர்ச்சி குறையும், சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கை நடுங்கலாம். ‘அப்பாவுக்கு வயசாயிடுச்சு’ என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். சில சமயம் இதை உண்மையான பார்க்கின்சன் என்றே எடுத்துக்கொண்டு லெவோடோபா எழுதப்படுகிறது. அதுவும் எழுந்தவுடன் பிரஷரை இறக்கும். ஆக, முதல் கூட்டணியும் வந்து சேர்ந்துவிடுகிறது. காரணமான மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நடை தேறும். நிறுத்தியும் தேறவில்லை என்றால்தான் உள்ளே உண்மையான பார்க்கின்சன் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

4. சர்க்கரை மாத்திரை + குறைந்த சாப்பாடு

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஏகாதசி, பிரதோஷம் என்று விரதம் இருந்தபடி இவற்றைப் போட்டால் சர்க்கரை இறங்கிக் கீழே விழலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

## ஒரு தலைசுற்றல், மூன்று காரணங்கள்

இன்னொரு மாத்திரை சேர்க்கும் முன் எந்த மாதிரித் தலைசுற்றல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மும்பையில் டாக்டரிடம் ஹிந்தியில் பேசுவது பெரும்பாலும் மகனோ மருமகளோதான். தலைசுற்றல் என்ற தகவல் போகும், எப்போது, என்ன செய்யும்போது என்ற விவரம் விடுபடும். மருந்துச்சீட்டில் சின்னரிசின் ஏறும்.

படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே அரை நிமிடம் சுழன்றால், அது பெரும்பாலும் உள்காதில் உள்ள துகள்கள் இடம் மாறியதால் வருவது. எப்ளி என்ற தலையசைவுப் பயிற்சியால் அதை ஈ.என்.டி. டாக்டர் அங்கேயே சரிசெய்ய முடியும், மாத்திரை அதைக் குணப்படுத்தாது. எழுந்து நின்றதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால் பிரஷரைச் சந்தேகிக்க வேண்டும். படுத்தால் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, நடக்கும்போது மட்டும் தள்ளாட்டம் என்றால் தூக்க மருந்து, நரம்புக் கோளாறு, பார்க்கின்சன் என்று தேட வேண்டும்.

எழுந்தவுடன் பிரஷர் இறங்குகிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கையில் கட்டும் தானியங்கி மிஷின் போதும்.

1. ஐந்து நிமிடம் படுத்திருக்கச் சொல்லி ஒரு அளவு எடுங்கள்.
2. எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பிடிப்பதற்கு ஒருவர் நிற்க வேண்டும், பின்னால் நாற்காலியும் இருக்க வேண்டும்.
3. நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளவு எடுங்கள்.
4. மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ, அல்லது கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் பிரச்சினை இருக்கிறது.

ஒரே தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். காலையில் எழுந்ததும், மாத்திரை சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்திலும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் பாருங்கள். கிளினிக்கில் உட்கார வைத்து எடுக்கும் ஒற்றை அளவில் இது பிடிபடவே பிடிபடாது.

## டப்பாவைக் கொட்டிப் பார்ப்பது

மறுஆய்வு என்பது பெரிய வேலை இல்லை. வீட்டில் இருக்கும் எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோவதுதான் முதல் படி. சீட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. சீட்டில் இருப்பது எழுதப்பட்டது, பையில் இருப்பது சாப்பிடப்படுவது. ஜலதோஷ மாத்திரை, இருமல் சிரப், லேகியம், சூரணம், மருமகள் வாங்கித் தந்த கால்சியம் எல்லாம் பையில் வர வேண்டும். ஜலதோஷ மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் கூடத் தூக்கம் தந்து தள்ளாட வைக்கும்.

ஸ்ட்ரிப்பில் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று பார்த்து எழுத வேண்டும். பெயருக்குப் பின்னால் வரும் ஓரிரு எழுத்துகளில்தான் இரண்டாவது மருந்து ஒளிந்திருக்கும். பிரஷர் மாத்திரையில் ஏ.எம். என்றிருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின், எச் என்றிருந்தால் நீர் மருந்து, சர்க்கரை மாத்திரையில் எம் என்றிருந்தால் மெட்ஃபார்மின்.

இனி ஒரு மாதிரிக் கேஸ். பல குடும்பங்களில் நடப்பதைச் சேர்த்து அமைத்தது. செம்பூரில் மகனோடு இருக்கும் 76 வயதுக்காரர், பாதி வருஷம் கும்பகோணம். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார், இரண்டும் ராத்திரியில். பையைக் கொட்டினால் கிடைத்தவை:

- டெல்மிசார்டன் 40 + அம்லோடிபின் 5, ஒரே மாத்திரை, காலை (கும்பகோணம் டாக்டர்)
- அம்லோடிபின் 5, காலை (செம்பூர் டாக்டர்)
- ஃபியூரோசமைடு 20, கால் வீக்கத்துக்கு
- கிளிமிபிரைடு 2 + மெட்ஃபார்மின் 500, இரு வேளை
- ரபெப்ரசோல் + லெவோசல்பிரைடு, காலை
- சின்னரிசின் 25, மூன்று வேளை, எட்டு மாதமாக
- டாம்சுலோசின் 0.4, ராத்திரி
- பிரிகாபலின் 75 + மெத்தில்கோபாலமின், ராத்திரி
- குளோனசெபாம் 0.5, ராத்திரி, மனைவி இறந்ததிலிருந்து
- அடோர்வாஸ்டேட்டின் 10, ராத்திரி

படுத்த நிலையில் பிரஷர் 138/78, நின்ற ஒரு நிமிடத்தில் 112/70. மேல் எண் 26 இறங்கியிருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.4. இளவயதுக்காரருக்கு அது நல்ல எண். இரண்டு தடவை விழுந்த 76 வயதுக்காரருக்குக் கிளிமிபிரைடோடு 6.4 என்றால் இறுக்கிப் பிடிக்கிறோம் என்று அர்த்தம். பல நோயோடு இருக்கும் பெரியவர்களுக்கு 8-க்குக் கீழ் இருந்தாலே போதும் என்பது பரவலான மருத்துவ வழிகாட்டல்.

இப்போது கதையைப் பின்னாலிருந்து படிக்கலாம். செம்பூர் டாக்டரிடம் ஒரு நாள் பிரஷர் அதிகமாக இருந்தது, அவர் அம்லோடிபின் எழுதினார். ஊர் மாத்திரைக்குள்ளேயே அம்லோடிபின் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. 5 என்பது 10 ஆனது. அம்லோடிபினின் வழக்கமான பக்கவிளைவு கணுக்கால் வீக்கம், அளவு கூடக் கூட அதுவும் கூடும். பிரிகாபலினும் தன் பங்குக்குக் காலை வீங்க வைக்கும். வீக்கத்துக்கு ஃபியூரோசமைடு வந்தது. இந்த வீக்கம் உடம்பில் நீர் மிகுந்ததால் வந்ததல்ல, எனவே அது பெரிதாகக் குறையவில்லை, பிரஷர்தான் இறங்கியது. எழுந்தால் தலைசுற்றியது. சின்னரிசின் வந்தது. சின்னரிசினும் லெவோசல்பிரைடும் சேர்ந்து நடையை மெதுவாக்கின. டாம்சுலோசின், பிரிகாபலின், குளோனசெபாம் மூன்றும் ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்றாகப் போயின. ஒரு மருந்தின் விளைவை நோய் என்று எடுத்துக்கொண்டு அடுத்த மருந்து எழுதும் இந்த வரிசையை மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம்.

சங்கிலியை எந்த இடத்தில் அவிழ்ப்பது என்பது டாக்டர் வேலை. ஆனால் வரிசை எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் கேள்வி கேட்க முடியும்.

1. இரட்டிப்பு முதலில் போகும். தனி அம்லோடிபின் நிற்கும். வீக்கம் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் வடியத் தொடங்கும். இதயம், சிறுநீரகம் இரண்டும் சரி என்று பார்த்துவிட்டு ஃபியூரோசமைடும் நிற்கும். கூடவே ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்ப்பது நல்லது. சோடியம் குறைந்தாலும் தள்ளாட்டம் வரும், குழப்பம் வரும்.

2. காரணம் இல்லாதவை அடுத்து. சின்னரிசின் எட்டு மாதம் ஓட எந்த நியாயமும் இல்லை. லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூலுக்குப் பதில் ரபெப்ரசோல் மட்டும், அதுவும் தேவைப்பட்டால். நடை தேற நாளாகும், ஒரே வாரத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

3. சர்க்கரை தளரும். கிளிமிபிரைடின் அளவைப் பாதியாக்கலாம், அல்லது மெட்ஃபார்மினை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

4. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படுத்து, நின்று அளவு. இறக்கம் 20-க்குள் வந்துவிட்டால் டாம்சுலோசினைத் தொட வேண்டியதில்லை. அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்து, தினமும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் போனால் மருந்து வேகமாக ஏறி இறக்கம் அதிகமாகும்.

5. தூக்க மாத்திரை கடைசியில், மெல்ல. குளோனசெபாம் 0.5-ஐ ஒரே ராத்திரியில் நிறுத்தக் கூடாது. பல நாள் சாப்பிட்டவருக்குத் தூக்கமே போய்விடும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ கால் பங்கு குறைப்பது பழக்கத்தில் உள்ள முறை, கடைசிக் கட்டத்தில் இன்னும் மெதுவாக. இது முடியும் வரை பிரிகாபலினில் கை வைக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் குறைத்தால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது.

பத்து வகை ஸ்ட்ரிப் ஆறு ஆகலாம். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் விழுவதும் குறையும் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகள் இடம் தருவதில்லை, முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. தூக்க, மன மருந்துகளை மெல்ல நிறுத்துவதற்கு மட்டும் ஓரளவு வலுவான ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தில் 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அப்படி நிறுத்தியவர்களிடம் விழும் அபாயம் 66 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்ததும் நிறையப் பேர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள். தூக்கம் வராத ராத்திரி எவ்வளவு நீளம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எனவே மாத்திரையைக் குறைக்கும்போதே மதியத் தூக்கம், சாயங்காலக் காபி, எட்டு மணிக்கே படுக்கப் போவது இவற்றையும் மாற்றினால்தான் நிலைக்கும்.

## தானாக நிறுத்தவே கூடாதவை

தூக்க மாத்திரை மட்டுமல்ல, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், எஸ்சிட்டாலோபிராம் வகை மருந்துகள் எல்லாமே படிப்படியாகக் குறைக்க வேண்டியவை. ஸ்டென்ட் வைத்தவரின் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள் கூட விடக் கூடாது.

## ஏற்கெனவே விழுந்துவிட்டால்

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லை என்பது ஆறுதல் அல்ல. அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மண்டைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும். கசிவு மெதுவாக நடந்தால் அறிகுறி இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வரும்: விடாத தலைவலி, பகலில் அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கக் கை கால் தளர்வு. அப்போது போகும்போது, என்று விழுந்தார் என்பதோடு எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கடைசியாகச் சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவை நிறுத்தத் தரும் மாற்று மருந்து எது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.